பேட்டரியின் கொள்ளளவும் பாய்கெர்ட் விதியும்

வீட்டு இன்வெர்ட்டருடன் இணைக்கப்படும் ஈய-அமில பேட்டரியின் மேல் 150Ah என்ற எண்ணும், அதன் அருகே C20 என்ற குறியும் அச்சிடப்பட்டிருக்கும். இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். முழுமையாகச் சார்ஜ் ஆன புதிய பேட்டரியிலிருந்து 7.5 ஆம்பியர் மின்னோட்டத்தைச் சீராக எடுத்தால் அது 20 மணி நேரம் தாங்கும், 7.5-ஐ 20-ஆல் பெருக்கினால் வருவதே 150 ஆம்பியர்-மணி. இதைவிட வேகமாக எடுத்தால் அந்த 150 முழுதாகக் கிடைக்காது.

எவ்வளவு குறையும் என்பதைக் கணக்கிட, ஜெர்மானிய அறிவியலாளர் வில்ஹெல்ம் பாய்கெர்ட் 1897-இல் ஈய-அமில பேட்டரிகளுக்கு ஒரு விதியை வகுத்தார். இன்று அது பெரும்பாலும் இந்த வடிவில் கையாளப்படுகிறது:

t = H × (C / (I × H))^k

இதில் t என்பது பேட்டரி தாங்கும் நேரம். C என்பது அச்சிட்ட கொள்ளளவு; H என்பது அந்தக் கொள்ளளவு எத்தனை மணி நேரக் கணக்கில் சொல்லப்பட்டது என்பது; I என்பது எடுக்கும் மின்னோட்டம். k என்பது பாய்கெர்ட் எண். அது 1 ஆக இருந்தால் எந்த வேகத்தில் எடுத்தாலும் கொள்ளளவு மாறாது. 1-ஐ விட அது எவ்வளவு கூடுகிறதோ, அந்த அளவுக்கு வேகத்தால் வரும் இழப்பும் கூடும். ஈய-அமில பேட்டரிகளில் அது பெரும்பாலும் 1.1-க்கும் 1.3-க்கும் இடையில் இருக்கும்.

k 1.2 என்று கொண்டு, மேலே சொன்ன பேட்டரியிலிருந்து 30 ஆம்பியர் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். சாதாரண வகுத்தல் கணக்கில் 5 மணி நேரம் வர வேண்டும். பாய்கெர்ட் கணக்கில் வருவது ஏறக்குறைய 3 மணி 47 நிமிடம். கிடைப்பது 114 ஆம்பியர்-மணி. 60 ஆம்பியர் எடுத்தால் இரண்டரை மணி நேரத்துக்குப் பதிலாக 1 மணி 39 நிமிடமே தாங்கும். கிடைப்பது 99 ஆம்பியர்-மணியாகச் சுருங்கும்.

இதற்கான காரணம் தகடுகளின் நுண்துளைகளில் இருக்கிறது. மின்சாரம் வெளியேறும்போது, எதிர்த் தகட்டின் ஈயமும் நேர்த் தகட்டின் ஈய டை ஆக்சைடும் கந்தக அமிலத்தோடு வினைபுரிந்து ஈய சல்பேட்டாக மாறுகின்றன. தகடுகள் கடற்பஞ்சு போலத் துளைகள் நிறைந்தவை. துளைக்குள் உள்ள அமிலம் செலவாகும்போது வெளியிலிருந்து புதிய அமிலம் ஊடுருவி உள்ளே வர வேண்டும். இந்த ஊடுருவல் மெதுவாகத்தான் நடக்கும். குறைந்த மின்னோட்டத்தில் செலவும் வரவும் ஈடாகிவிடும். அதிக மின்னோட்டத்தில் செலவு முந்திக்கொள்வதால் துளைகளுக்குள் அமிலம் வறண்டு, வினை தகட்டின் மேற்பரப்பிலேயே குவிகிறது. அங்கே படியும் சல்பேட் துளைகளின் வாயை அடைப்பதால், தகட்டின் உட்பகுதி பயன்படாமலே நின்றுவிடுகிறது.

பேட்டரியின் உள்மின்தடையும் இதோடு சேர்ந்துகொள்கிறது. மின்னோட்டம் கூடக் கூட அந்தத் தடையில் இழக்கும் மின்னழுத்தமும் கூடும். 12 வோல்ட் பேட்டரி 10.5 வோல்ட்டுக்கு இறங்கியதும் தீர்ந்துவிட்டதாகக் கொள்வது வழக்கம். பெரிய லோடில் அந்த எல்லை முன்கூட்டியே வந்துவிடும்.

ஆகவே கிடைக்காமல் போன ஆம்பியர்-மணிகளில் பெரும்பகுதி அழிந்துவிடுவதில்லை. லோடை நிறுத்திச் சிறிது நேரம் விட்டால் அமிலம் துளைகளுக்குள் பரவி, மின்னழுத்தம் மீண்டும் ஏறும். பிறகு குறைந்த மின்னோட்டத்தில் மேலும் எடுக்க முடியும். பெரிய லோடில் நின்றுபோன இன்வெர்ட்டர், சற்று நேரம் கழித்து ஒரு விளக்கை மட்டும் எரியவைப்பது இதனால்தான்.

ஒரு பேட்டரியின் k-ஐ அறிய, ஒரே வெப்பநிலையில் இரண்டு வெவ்வேறு மின்னோட்டங்களில் அதைத் தீரவைத்து நேரங்களைக் குறித்தால் போதும். இரு நேரங்களின் விகிதத்துக்கு மடக்கை கண்டு, அதை மின்னோட்டங்களின் தலைகீழ் விகிதத்தின் மடக்கையால் வகுத்தால் k வரும். 7.5 ஆம்பியரில் 20 மணியும், 30 ஆம்பியரில் 3.79 மணியும் தாங்கினால் விடை 1.2.

விதியை I^k × t = C என்று சுருக்கி எழுதுவதும் உண்டு. அந்த வடிவில் C என்பது 1 ஆம்பியர் வீதத்தில் கிடைக்கும் கொள்ளளவு. அந்த இடத்தில் அச்சிட்ட 150-ஐப் போட்டால், 30 ஆம்பியருக்கு 2 மணி 32 நிமிடம் என்ற தவறான விடை வரும்.

இந்த விதி மாறாத மின்னோட்டத்துக்கும் மாறாத வெப்பநிலைக்கும் உரியது. லோடு ஏறி இறங்கும்போதும், குளிர் கூடும்போதும் கணக்கு விலகும். மிகக் குறைந்த மின்னோட்டத்துக்கு இது மிகைப்பட்ட கொள்ளளவைக் காட்டும். பேட்டரி தானாகவே இழக்கும் மின்னூட்டம் இதில் சேர்க்கப்படவில்லை. பேட்டரி பழையதாக ஆக k பொதுவாகக் கூடும். லித்தியம் பேட்டரிகளில் அது 1-ஐ ஒட்டியே இருப்பதால், அவற்றில் வேகத்தால் வரும் குறைவு மிகச் சிறியது.