இடப்பெயர்வு வரைபடத்தில் எந்தக் கோட்டை விடுவது?

2022-ல் கலிஃபோர்னியாவிலிருந்து டெக்சாஸுக்குக் குடிபெயர்ந்தவர்கள் ஏறத்தாழ 1,02,000 பேர். அதே ஆண்டில் டெக்சாஸிலிருந்து கலிஃபோர்னியாவுக்குப் போனவர்கள் ஏறத்தாழ 42,000 பேர். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நிறுவனம் இப்படி எந்த மாநிலத்திலிருந்து எந்த மாநிலத்துக்கு எத்தனை பேர் போனார்கள் என்று அட்டவணை போட்டு வெளியிடுகிறது. 50 மாநிலங்கள், அவற்றோடு தலைநகர் வாஷிங்டன். ஒவ்வொன்றிலிருந்தும் மற்ற 50 இடங்களுக்கு ஒரு கோடு என்றால் மொத்தம் 2,550 கோடுகள்.

அட்டவணையை அப்படியே வரைபடமாக்கலாம் என்று தோன்றும். ஒவ்வொரு ஊர்வழிக்கும் ஒரு கோடு, ஆள் அதிகமானால் கோடு தடிமன், அவ்வளவுதானே? கணினியில் இதைச் செய்துமுடிக்கச் சில நிமிடங்கள் போதும். ஆனால் திரையில் வருவது நாட்டையே மூடிய கரிய திட்டு. கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று ஒன்றைக்கூடப் பின்தொடர முடியாது. வேலைக்குப் போய்வருவோர் வரைபடம், புலம்பெயர்ந்தோர் வரைபடம், சரக்குப் போக்குவரத்து வரைபடம் எல்லாவற்றிலும் இதே சிக்கல்தான். இந்த ஒரு அட்டவணையை வைத்துக்கொண்டு, அந்தத் திட்டைத் தெளிந்த படமாக்கும் வழியைப் பார்ப்போம்.

தடிமனுக்கு ஒரு கணக்கு

கோட்டின் தடிமனால் ஆள் எண்ணிக்கையைக் காட்டும் முறை பழையது. அயர்லாந்து ரயில்வே ஆணையத்துக்காக ஹென்றி ட்ரூரி ஹார்னஸ் 1837-ல் தயாரித்த வரைபடங்களிலேயே பயணிகளின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கோடுகள் தடித்தும் மெலிந்தும் இருந்தன. பிரெஞ்சுப் பொறியாளர் ஷார்ல் ஜோசப் மினார் 1858-ம் ஆண்டின் உலகப் புலம்பெயர்வை இதே முறையில் வரைந்தார். தன்னுடைய சரக்கு வரைபடங்களில் தடித்த கோடு போக இடமில்லாத ஒடுக்கமான கடல்வழிகளை அவர் வேண்டுமென்றே அகலப்படுத்தினார். தடிமன் இடத்தை விழுங்கும் என்பது அவருக்கு அப்போதே தெரிந்திருந்தது.

எவ்வளவு விழுங்கும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இதழின் இரண்டு பக்கங்களில் 25 செ.மீ. அகலத்தில் அமெரிக்காவை அச்சிடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். நாட்டின் கிழக்கு மேற்கு அகலம் சுமார் 4,500 கி.மீ. ஆகவே வரைபடத்தில் ஒரு மி.மீ. என்பது 18 கி.மீ. கலிஃபோர்னியா–டெக்சாஸ் கோட்டுக்கு 6 மி.மீ. தடிமன் கொடுத்தால், அந்தக் கோடு 108 கி.மீ. அகல நிலப்பட்டையை மறைக்கும். அதே அளவுகோலில், நியூயார்க்கிலிருந்து நியூஜெர்சிக்குப் போன சுமார் 75,000 பேருக்கு 4.4 மி.மீ. வரும். நியூஜெர்சி என்ற சிறிய மாநிலத்தின் பெரும்பகுதி அந்த ஒரு கோட்டுக்கு அடியிலேயே போய்விடும்.

மறுமுனையையும் பாருங்கள். அந்த ஆண்டில் மாநிலம் விட்டு மாநிலம் போனவர்கள் மொத்தம் சுமார் 82 லட்சம். 2,550 கோடுகளுக்குப் பங்கிட்டால் சராசரி 3,200 பேர். அவர்களுக்குக் கிடைப்பது 0.19 மி.மீ. கோடு. அச்சில் இதைவிட மிகவும் மெலிந்தால் கோடு விட்டுவிட்டுத் தெரியக்கூடும். ஆனால் அட்டவணையில் பெரும்பாலான எண்கள் இந்தச் சராசரிக்கும் கீழே இருப்பவை. பக்கத்தைக் கரியாக்குவது தடித்த கோடுகள் மட்டுமல்ல, இந்த நூலிழைகளின் கூட்டமும்தான்.

இங்கே பலர் ஒரு குறுக்கு வழியைப் பிடிக்கிறார்கள். எண்ணிக்கைக்கு நேர்விகிதத்தில் தடிமன் வைக்காமல், எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப வைக்கிறார்கள். பெரியது அடங்கிப்போகும், சிறியது கண்ணுக்குத் தெரியும். ஆனால் 42,000 என்பது 1,02,000-ல் 41 சதவீதம்தான். வர்க்கமூலம் எடுத்தால் அந்தக் கோடு பெரிய கோட்டின் 64 சதவீதத் தடிமனோடு நிற்கும். வாசகர் தடிமனைத்தான் அளக்கிறார். அவர் மனதில் பதிவது தவறான விகிதம். நேர்விகிதத்தைக் கைவிடுவதைவிட, மிகத் தடித்த கோட்டின் உச்ச அளவை 6-லிருந்து 4 மி.மீ.க்குக் குறைப்பது நேர்மையானது.

எதை விடுவது?

அப்படிக் குறைத்தால் சிறிய கோடுகள் இன்னும் மெலியுமே என்று கேட்கலாம். மெலியட்டும். அவற்றில் பலவற்றை நீக்கத்தான் போகிறோம். அமெரிக்கப் புவியியலாளர் வால்டோ டோப்ளர் 1987-ல் இடப்பெயர்வைக் கணினியால் வரைவது பற்றி எழுதிய கட்டுரை இந்தத் துறையில் இன்றும் பேசப்படுவது. சராசரிக்குக் குறைந்த ஓட்டங்களை நீக்கினால் பொதுவாகக் கோடுகளில் முக்கால்வாசி மறையும். ஆனால் இடம்பெயர்ந்த மக்களில் கால்வாசிக்கும் குறைவானவர்களே படத்திலிருந்து விடுபடுவார்கள் என்று அவர் காட்டினார். இடப்பெயர்வு எப்போதும் சில வழிகளிலேயே குவிகிறது என்பதால் இது சாத்தியமாகிறது.

நம் அட்டவணையில் நீக்கத்துக்கு இன்னொரு நியாயமும் உண்டு. இந்த எண்கள் வீடுவீடாக எடுத்த முழுக் கணக்கு அல்ல; மாதிரிக் கணக்கெடுப்பிலிருந்து மதிப்பிட்டவை. ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்திலேயே பிழை வரம்பும் கொடுக்கப்பட்டிருக்கும். சிறிய ஓட்டங்களில் அந்த வரம்பு எண்ணுக்கு இணையாகவோ அதைவிடப் பெரிதாகவோ இருப்பதுண்டு. இருக்கிறதா இல்லையா என்றே உறுதியில்லாத ஒன்றுக்குக் கோடு போடத் தேவையில்லை.

ஆனால் நாடு முழுவதற்கும் ஒரே வெட்டெல்லை வைத்தால் ஓர் அநியாயம் நடக்கும். 20,000 பேருக்குக் கீழே எல்லாவற்றையும் நீக்கினால் ஆறு லட்சத்துக்கும் குறைவான மக்கள் வாழும் வயோமிங் படத்திலிருந்தே மறையும். அங்கிருந்து யாரும் எங்கும் போகவில்லை என்று வாசகர் நினைத்துவிடுவார். கலிஃபோர்னியா, டெக்சாஸ், ஃப்ளோரிடா, நியூயார்க் போன்ற பெரிய மாநிலங்களின் கோடுகளே பெரும்பாலும் மிஞ்சும். மக்கள்தொகை எங்கே அதிகம் என்பதைத்தான் அந்தப் படம் மறுபடியும் சொல்லும். சிறிய மாநிலங்களின் கதையும் தேவையென்றால் விதியை மாற்ற வேண்டும்: ஒவ்வொரு மாநிலத்திலிருந்தும் மிக அதிகம் பேர் போன ஒரே ஓர் இடத்துக்கு மட்டும் கோடு. அப்போது 51 கோடுகள்தான், யாரும் விடுபடவில்லை. இரண்டு படங்களும் உண்மை. இரண்டும் வெவ்வேறு கேள்விக்கான விடைகள்.

மூன்றாவது வழி, போனவர்களையும் வந்தவர்களையும் கழித்து மிச்சத்தை மட்டும் காட்டுவது. 2,550 கோடுகள் ஒரே அடியில் 1,275 ஆகும். கலிஃபோர்னியாவுக்கும் டெக்சாஸுக்கும் இடையே 60,000 பேருக்கான ஒற்றை அம்பு நிற்கும். எந்த மாநிலம் மக்களை இழக்கிறது என்ற கேள்விக்கு இது பொருந்தும். ஆனால் எதிர்த்திசையில் போன 42,000 குடும்பத்தினரும் தனியாட்களும் படத்தில் இல்லாமல் போகிறார்கள். இரு பக்கமும் ஏறத்தாழச் சமமாக இருந்தால், பல்லாயிரம் பேர் நடமாடும் பாதையே காணாமல் போகும். ஆகவே மிச்சம் காட்டும் படத்தில் அது மிச்சம்தான் என்று எழுதிவைப்பது கட்டாயம்.

வளைவும் வரிசையும்

கோடுகளைக் குறைத்த பிறகுதான் வரையும் நுட்பத்துக்கு வேலை. கலிஃபோர்னியாவின் நடுவிலிருந்து டெக்சாஸின் நடுவுக்கு நேர்கோடு இழுத்தால் அது அரிசோனா, நியூமெக்சிகோ வழியாகப் போகும். அரிசோனாவின் நடுப்புள்ளியை ஒட்டி ஒரு தடித்த கோடு போனால், அது அங்கே நிற்கிறதா கடக்கிறதா என்று தெரியாது. மேலும் போகும் கோடும் வரும் கோடும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். இரண்டையும் எதிரெதிர்ப் பக்கமாக மெல்ல வளைத்தால் இரண்டு குறையும் தீரும். நியூயார்க்–ஃப்ளோரிடாக் கோட்டைக் கிழக்கே வளைத்து அட்லாண்டிக் கடல்மேல் கொண்டுபோனால் இடையிலுள்ள ஆறு மாநிலங்களும் திறந்தே இருக்கும்.

பெர்ன்ஹார்ட் ஜென்னியும் சக ஆய்வாளர்களும் 2018-ல் வெளியிட்ட ஆய்வு, இத்தகைய வரைபடங்களை மக்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று சோதித்துப் பார்த்தது. கோடுகள் ஒன்றையொன்று மறைப்பதைக் குறைக்க வேண்டும். வெட்டிக்கொண்டே ஆக வேண்டுமென்றால், குறுகிய கோணத்தில் உரசிக்கொண்டு போகாமல் அகன்ற கோணத்தில் வெட்ட வேண்டும். சம்பந்தமில்லாத புள்ளிக்கு அடியில் கோடு போகக் கூடாது. திசையைக் காட்ட அம்புமுனையே சிறந்தது. மெல்லிய கோடுகளின் அம்புமுனையைச் சற்றுப் பெரிதாக்க வேண்டும், இல்லையென்றால் கண்ணுக்குப் படாது. இவை அந்த ஆய்வு தரும் நெறிகளில் சில.

எந்தக் கோட்டை மேலே வரைவது என்பதையும் யோசிக்க வேண்டும். தடித்த பட்டைகள் உள்ள படத்தில் தடித்ததை அடியிலும் மெலிந்ததை மேலேயும் வைக்க வேண்டும். மாற்றி வைத்தால் மெலிந்தது முழுதாகப் புதைந்துவிடும். மெலிந்த கோட்டைச் சுற்றி இழைபோல ஒரு வெள்ளை ஓரம் கொடுத்தால் வெட்டும் இடம் துலங்கும். கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் `Control feature rendering order` என்ற தேர்வு இந்த வரிசையை அமைப்பதற்கானது.

லட்சக்கணக்கான கோடுகள் உள்ள படத்துக்கு இந்த விதி செல்லாது. 2016-ல் காரெட் நெல்சனும் அலஸ்டேர் ரேயும் அமெரிக்காவில் அன்றாடம் வேலைக்குப் போய்வருவோரின் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட ஓட்டங்களை எடுத்துக்கொண்டார்கள். அத்தனைக்கும் தடிமன் கொடுக்க முடியாது. இப்படிப்பட்ட படங்களில் எல்லாக் கோடுகளும் நூலிழையாகவே இருக்கும். ஒவ்வொன்றும் பெரும்பாலும் ஒளி ஊடுருவுவதாக இருக்கும். கோடுகள் குவியும் இடம் தானாகவே அடர்ந்து, ஒவ்வொரு பெருநகரின் வேலை எல்லையும் உருப்பெறும். இந்த வகையில், பெரிய ஓட்டங்களைக் கடைசியில், எல்லாவற்றுக்கும் மேலே வரைவதே வழக்கம். ஆனால் இதில் தனிக் கோட்டைப் படிக்க முடியாது; மொத்த வடிவத்தை மட்டுமே பார்க்கலாம்.

இந்தியாவின் 2011 கணக்கெடுப்பில் 35 மாநிலங்களும் ஒன்றியப் பகுதிகளும் இருந்தன. அதாவது 1,190 கோடுகள். அன்றிருந்த 640 மாவட்டங்களுக்கு இறங்கினால் 4,08,960. வடமாநிலத் தொழிலாளர் வருகை பற்றி நம் இதழ்களில் வரும் அம்புப் படங்கள் அனைத்தும் இந்தக் கடலிலிருந்து யாரோ பொறுக்கியெடுத்தவை. பொறுக்கியதில் தவறில்லை, அப்படிச் செய்யாமல் படமே இல்லை. ஆனால் எத்தனை பேருக்குக் கீழே நீக்கினார்கள், மொத்தத்தில் எத்தனை சதவீதம் படத்தில் இருக்கிறது, ஒரு மி.மீ. தடிமன் எத்தனை பேர் என்ற மூன்று விவரமும் படத்தின் ஓரத்தில் இருக்க வேண்டும். வரைபவர்கள் இவற்றைத் தவறாமல் எழுதட்டும். எழுதாத படத்தை வைத்து, ஓர் ஊரிலிருந்து யாரும் வெளியேறவில்லை என்ற முடிவுக்கு வாசகர்கள் வர வேண்டாம்.