பெட்டி இரண்டு, மருந்து ஒன்று

சிராங்கூன் சாலை மருந்துக்கடையில் எனக்கு முன்னால் நின்ற பெரியவரிடம் இரண்டு பெட்டிகள். ஒன்று லிப்பிட்டோர் 20 மில்லிகிராம். மற்றது பலதுறை மருந்தகத்தில் கொடுத்த அட்டோர்வாஸ்டட்டின் 20.

“ரெண்டுமே கொழுப்புக்குத்தானே, சேர்த்துப் போடலாமா?”

“கூடாது அங்கிள்,” என்றார் மருந்தாளர். “லிப்பிட்டோர் கம்பெனி வச்ச பேரு. உள்ளே இருக்கிறதும் அட்டோர்வாஸ்டட்டின்தான். ரெண்டையும் போட்டா 40 ஆயிடும். காரணமில்லாம தசை வலிச்சாலோ சிறுநீர் கறுத்தாலோ உடனே டாக்டரைப் பாருங்க.”

“விலை குறைவாச்சே, வேலை செய்யுமா?”

“அதே அளவு, அதே வேகத்தில ரத்தத்தில சேருதுன்னு காட்டினாத்தான் சுகாதார அறிவியல் ஆணையம் அனுமதிக்கும். ஆனா கிரெஸ்டோர் வேற, அது ரோசுவாஸ்டட்டின். அதே 20, அதில வீரியம் அதிகம். டாக்டர் சொல்லாம மாத்தக்கூடாது.”

பெட்டியில் வணிகப் பெயரோடு இருக்கும் மருந்தின் பெயரைப் படியுங்கள். அது ஒன்றென்றால், ஒரு பெட்டி போதும்.