120 ஜின் என்றால் எத்தனை கிலோ?

தாவோபாவில் பொருளைப் பற்றிய விவரம் பெரும்பாலும் நீளமான படங்களாகவே வரும். எழுத்துகள் படத்துக்குள் இருப்பதால் உலாவியின் மொழிபெயர்ப்புப் பொத்தான் அவற்றைத் தொடாது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து, படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் செயலியில் போட வேண்டியதுதான்.

ஒரு தோல் ஜாக்கெட்டைப் பார்ப்போம். 头层牛皮 என்றிருந்தால் அது மாட்டுத்தோலின் மேலடுக்கு. 二层牛皮 என்பது மேலடுக்கைப் பிரித்தபின் மிஞ்சும் அடித்தோல். பெரும்பாலும் மேலே பூச்சு பூசி விற்பார்கள். செயலி இரண்டையும் வெறும் ‘மாட்டுத்தோல்’ என்று சொல்லிவிடக்கூடும். ஆகவே மூலப் படத்தில் முதல் எழுத்தைப் பாருங்கள். படுக்கைவாட்டில் இரண்டே கோடுகள் இருந்தால் இரண்டாம் அடுக்கு. 超纤皮 என்றால் விலங்குத் தோலே இல்லை, செயற்கை இழை.

பெரிய வில்லங்கம் அளவில்தான். எந்த அளவு யாருக்குப் பொருந்தும் என்பதை எடையை வைத்துச் சொல்வது சீனக் கடைகளின் வழக்கம். L அளவுக்கு நேரே 120斤 என்றிருக்கும். செயலி அதைப் பவுண்டு என்றோ காட்டி என்றோ எழுதும். சீனாவில் ஒரு ஜின் 500 கிராம்; ஆக அது 60 கிலோக்காரருக்கான ஜாக்கெட். சிங்கப்பூர், மலேசியத் தமிழர்களுக்குப் பழகிய காட்டியோ சுமார் 600 கிராம். அந்தக் கணக்கில் 72 கிலோ என்று நினைத்து வாங்கினால் பொத்தான் போட முடியாது.

எடையை விட்டுவிட்டு மார்பளவை நம்புவது மேல். அதிலும் 胸围 என்றால் மார்பின் முழுச் சுற்றளவு. 胸宽 என்றால் சட்டையைத் தரையில் விரித்து ஒரு பக்கம் மட்டும் அளந்தது. ஆண்கள் ஜாக்கெட்டுக்கு 54 என்று கண்டால் அது பாதிதான், இரண்டால் பெருக்குங்கள். அட்டவணையின் தலைப்பு வரிசை வெட்டுப்பட்டுப் போனால் இதெல்லாம் தெரியாது. ஒவ்வொரு ஸ்கிரீன்ஷாட்டிலும் அந்த வரிசை விழும்படி எடுக்க வேண்டும். கிடைத்த எண்களை, வீட்டில் சரியாகப் பொருந்தும் ஜாக்கெட் ஒன்றை அளந்து ஒப்பிடலாம்.

48小时内发货 என்பதைப் பார்த்து இரண்டு நாளில் வந்துவிடும் என்று காத்திருக்க வேண்டாம். அதற்குள் கடையிலிருந்து அனுப்புவார்கள், அவ்வளவே. 包邮, அதாவது இலவச அஞ்சல், பொதுவாகச் சீனாவுக்குள் மட்டும்.

காரணம் சொல்லாமல் 7 நாளில் திருப்பித் தரும் உரிமை சீன நுகர்வோர் சட்டத்தில் 2014 முதல் இருக்கிறது. திருப்பி அனுப்பும் செலவு பொதுவாக வாங்கியவருடையது. அளவு கொடுத்துத் தைத்த பொருளுக்கு இந்த உரிமை கிடையாது. நாள்கணக்கு பொருளைப் பெற்றுக்கொண்ட தேதியிலிருந்து ஓடும். அனுப்புமுகவர் வழியாக வாங்கும்போது பெற்றுக்கொண்டு கையெழுத்திடுவது சீனாவிலுள்ள அவரது கிடங்கு. பார்சல் கப்பலில் வந்து சேருவதற்குள் அந்த 7 நாள் கடந்திருக்கும். கிடங்கில் படமெடுத்து அனுப்பும் வசதி இருந்தால், உள்பக்க லேபிளையும் அளவு நாடா வைத்த மார்புப் பகுதியையும் அங்கேயே எடுக்கச் சொல்லுங்கள்.