‘டெலிவரிக்கு ஆள் தேவை’: வாட்ஸ்அப் அறிவிப்பில் எழுதியதும் எழுதாததும்

உணவு, மளிகை, பார்சல் டெலிவரிக்கு ஆள் எடுக்கும் அறிவிப்புகள் திருச்சியில் பெரும்பாலும் வாட்ஸ்அப் வழியாகவே பரவுகின்றன. அவற்றின் வாசகம் ஏறக்குறைய ஒரே அச்சில் இருக்கும்: “ஸ்ரீரங்கம், திருவானைக்காவல், சத்திரம் பஸ் ஸ்டாண்ட் ஏரியாவுக்கு டெலிவரி பாய்ஸ் தேவை. ஃபுல் டைம், பார்ட் டைம். தினமும் ரூ.1,200 வரை சம்பாதிக்கலாம். வாரச் சம்பளம். ஆதார், பான், லைசென்ஸ், ஆர்.சி., பாஸ்புக் போட்டோ உடனே அனுப்பவும்.” ஏரியா, நேரம், வருமானம், ஆவணம் என நான்கு விவரங்கள். வேலை தேடுபவரின் கண் மூன்றாவதில் நிற்கும். நஷ்டம் பெரும்பாலும் நான்காவதில் இருந்து வரும்.

அறிவிப்பை அனுப்பியவர் யார் என்பது முதலில் தெரிய வேண்டும். அவர் பெரும்பாலும் சம்பளம் கொடுக்கப் போகிறவர் அல்ல. டெலிவரி நிறுவனங்கள் ஆள் சேர்க்கும் வேலையை ஏஜென்சிகளிடம் விடுகின்றன. ஏற்கெனவே ஓட்டிக்கொண்டிருப்பவர்களுக்கும் ரெஃபரல் கோடு கொடுக்கின்றன. புதிதாகச் சேர்ந்தவர் குறிப்பிட்ட எண்ணிக்கையில் ஆர்டர் முடித்ததும் சேர்த்துவிட்டவருக்குப் பணம் வரும். ‘உடனே’, ‘இன்றே கடைசி’ என்ற அவசரத்துக்குப் பல நேரங்களில் காரணம் இதுதான். இதில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் அவர் எழுதும் 1,200 ரூபாய்க்கு அவரும் பொறுப்பில்லை, நிறுவனமும் பொறுப்பில்லை. நிறுவனத்தைக் கட்டுப்படுத்துவது செயலியில் சேரும்போது ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று அழுத்தப்படும் நிபந்தனைகளும் அதில் காட்டப்படும் கட்டண அட்டவணையும்தான். அந்த அட்டவணையும் மாறக்கூடியது.

வாட்ஸ்அப்பின் நடைமுறையே ஒரு துப்பு தரும். சாதாரண பிராட்காஸ்ட் பட்டியலில் அனுப்பும் செய்தி, அனுப்புபவரின் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே போய்ச் சேரும். வந்த செய்தி தனிச்செய்தி போலத் தெரியும். வேறு யாருக்கெல்லாம் போனது என்று தெரியாது. சேமிக்காத எண்ணிலிருந்து வந்தால், எங்கோ கிடைத்த எண்களுக்கு யாரோ தனித்தனியாகவோ பிசினஸ் கணக்கு வழியாகவோ அனுப்புகிறார் என்று பொருள். தெரிந்தவரே ஃபார்வர்டு செய்திருந்தால், அவர் பெயரை நம்பி மூலத்தை விட்டுவிடக்கூடாது. இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பல கை மாறி வந்தது.

ஏரியா என்ற சொல் ஸ்ரீரங்கத்தில் கொஞ்சம் கவனிக்க வேண்டியது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே உள்ள தீவு அது. அறிவிப்பில் ஸ்ரீரங்கம் என்று இருந்தாலும், செயலி வகுத்த மண்டலம் ஆற்றைத் தாண்டிச் சத்திரம், தில்லைநகர் வரை நீளலாம். ஹோட்டல் தென்கரையில், வீடு உத்திர வீதியில் என்று ஒரு ஆர்டர் விழுந்தால் காவிரிப் பாலத்தைக் கடந்து வந்து, அடுத்த ஆர்டருக்காகக் காலி வண்டியோடு திரும்ப வேண்டியிருக்கும். வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்திலும் சித்திரைத் தேரோட்டத்தின்போதும் வீதிகளை அடைத்துவிடுவார்கள். செயலி காட்டும் நிமிடக் கணக்கு அப்போது நடக்காது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ‘எந்த ஏரியா’ அல்ல. மண்டலத்தின் எல்லை எதுவரை, காலியாகத் திரும்பும் தூரத்துக்குப் பணம் உண்டா என்பதே.

‘பார்ட் டைம்’ என்பதும் விரும்பிய நேரம் அல்ல. மதியச் சாப்பாட்டு நேரமும் இரவுச் சாப்பாட்டு நேரமும்தான் ஆர்டர் விழும் நேரங்கள். ஊக்கத்தொகை வேண்டுமென்றால் அந்த நேரம் முழுக்க லாகின் ஆகி இருக்க வேண்டும், வரும் ஆர்டரை மறுக்கக் கூடாது என்ற நிபந்தனைகள் வழக்கமாக இருக்கும்.

வருமானத்தை ஒரு கற்பனைக் கணக்கால் பார்க்கலாம். ஓர் ஆர்டருக்குச் சராசரி 35 ரூபாய். 24 ஆர்டர் முடித்தால் ஊக்கத்தொகை 360 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 24 ஆர்டருக்கு 840, ஊக்கத்தொகையோடு 1,200. அறிவிப்பில் இருந்த தொகை வந்துவிட்டது. மணிக்கு இரண்டு ஆர்டர் என்றால் இதற்குப் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். காலி ஓட்டமும் சேர்த்து ஆர்டருக்கு 5 கிலோமீட்டர் என்றால் 120 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு, பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய் என்றால், சுமார் 270 ரூபாய் செலவு. டயர், ஆயில், சர்வீஸ், டேட்டாவுக்கு நாளுக்கு 65 ரூபாய். கையில் நிற்பது 865 ரூபாய்.

அதே நாளில் மழை வந்து 22 ஆர்டரோடு நின்றால்? ஊக்கத்தொகை முழுவதும் போகும். 770 ரூபாயில் பெட்ரோலும் தேய்மானமும் கழித்தால் சுமார் 460. இரண்டு ஆர்டர் குறைந்ததற்கு நிகர வருமானம் ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது. அறிவிப்பில் உள்ள ‘வரை’ என்ற சொல்லின் விலை அது. எந்த அறிவிப்பு வந்தாலும் கேட்க வேண்டியவை மூன்று: ஊக்கத்தொகை இல்லாமல் ஆர்டருக்கு எவ்வளவு, ஊக்கத்தொகைக்கு எத்தனை ஆர்டர், எத்தனை மணி நேர லாகின்.

இனி ஆவணங்கள். ஆதார், பான், ஓட்டுநர் உரிமம், ஆர்.சி., இன்சூரன்ஸ், வங்கிக் கணக்கு எண், ஒரு செல்ஃபி ஆகியவற்றை நிறுவனங்கள் உண்மையிலேயே கேட்கும். ஆனால் இவற்றை விண்ணப்பிப்பவரே நிறுவனத்தின் செயலியில் பதிவேற்ற வேண்டும். இடையில் இருப்பவரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பத் தேவையே இல்லை. யாருக்காவது ஆதார் காட்டியே ஆகவேண்டுமென்றால், uidai.gov.in தளத்தில் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரை இறக்கிக் கொடுக்கலாம். ஓ.டி.பி., ஏ.டி.எம். கார்டு, சிம் கார்டு, கையெழுத்திட்ட வெற்றுக் காசோலை, அசல் சான்றிதழ் இவற்றில் எதைக் கேட்டாலும் அது டெலிவரி வேலை அல்ல. பிளே ஸ்டோருக்கு வெளியே `.apk` என்று முடியும் கோப்பை அனுப்பி ‘இதில் அப்ளை பண்ணுங்க’ என்றால், போனையே மற்றவர் கையில் கொடுப்பதாகிவிடும்.

டி-ஷர்ட், டெலிவரி பேக் இவற்றுக்குப் பணம் கேட்பதை மட்டும் வைத்து மோசடி என்று சொல்லிவிட முடியாது. சில நிறுவனங்கள் அதை உண்மையிலேயே வசூலிக்கின்றன. ஆனால் செயலிக்குள் வாங்கும், அல்லது வருமானத்தில் தவணையாகப் பிடிக்கும். ஒரு தனிநபரின் ஜி-பே எண்ணுக்கு ‘ரீஃபண்டபிள் டெபாசிட்’ கேட்பது வேறு கதை.

பணம் போவதைவிட மோசமானது பெயர் போவது. வாங்கிய ஆவணங்களில் டெலிவரி ஐ.டி. எடுத்து இன்னொருவருக்கு வாடகைக்கு விடுவது ஒரு வகை. வேலைக்காக என்று திறக்க வைத்த வங்கிக் கணக்கை ஏ.டி.எம். கார்டு, சிம்மோடு வாங்கிக்கொண்டு, வேறு மோசடிப் பணத்தை அதன் வழியே கடத்துவது இன்னொரு வகை. போலீஸ் விசாரணை வரும்போது கதவு தட்டப்படுவது கணக்கின் பெயரில் உள்ளவரின் வீட்டில்தான். அடுத்தவர் ஐ.டி.யில் ஓட்டுபவருக்கும் ஆபத்து உண்டு. நிறுவனத்தின் விபத்துக் காப்பீடு பதிவு பெற்றவர் பெயரில் இருக்கும். ஓட்டியவர் விழுந்தால் அது அவருக்குக் கிடைக்காது.

சொந்த வண்டியின் இன்சூரன்ஸிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. சொந்த உபயோகத்துக்கான பாலிசியில் டெலிவரி ஓட்டும்போது வண்டி சேதமானால், வணிகப் பயன்பாடு என்று சொல்லி இன்சூரன்ஸ் நிறுவனம் இழப்பீட்டை மறுக்கலாம். முன்கூட்டியே எழுத்தில் கேட்டுவைப்பது நல்லது. ‘லைசென்ஸ் தேவையில்லை’ என்று வரும் அறிவிப்பு, மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் ஓடும், 250 வாட்டுக்கு மேற்படாத மின்சார ஸ்கூட்டருக்கு மட்டுமே பொருந்தும். அதற்கு மேல் வேகம் போகும் வண்டியை உரிமம் இல்லாமல் ஓட்டினால் அபராதம் 5,000 ரூபாய், அதைக் கட்டுவது ஓட்டுபவர்.

மாதச் சம்பளத்துக்கு வேன் ஓட்டப் போகிறவரின் நிலை வேறு. இலகு ரக வாகன உரிமம் உள்ளவர் 7,500 கிலோ வரையிலான சரக்கு வாகனத்தை ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் உறுதி செய்தது. அவர் தொழிலாளி; 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பின்படி பணி நியமனக் கடிதம் கேட்க அவருக்கு உரிமை உண்டு. பைக்கில் ஆர்டர் எடுப்பவரை அதே தொகுப்பு ‘கிக்’ தொழிலாளர் என்கிறது. அவருக்காக நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் சமூகப் பாதுகாப்பு நிதிக்குத் தர வேண்டும் என்கிறது. ஆனால் நிறுவனத்தின் ஊழியர் என்று அவரை ஏற்கவில்லை.

மோசடியில் பணம் போய்விட்டால் முதல் அழைப்பு 1930. எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவுக்குப் பணம் அடுத்த கணக்குக்குப் போகுமுன் முடக்க வாய்ப்பு. பிறகு cybercrime.gov.in தளத்தில் புகார், வங்கிக்குத் தகவல். ஆத்திரத்தில் உரையாடலை அழித்துவிடுவதும், எதையும் சேமிக்காமல் பிளாக் செய்வதும்தான் பலரும் செய்யும் தவறு. எண் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட், யு.பி.ஐ. பரிவர்த்தனையின் 12 இலக்க எண், பணம் போன யு.பி.ஐ. ஐ.டி. மூன்றும் புகாருக்கு வேண்டும். ஸ்ரீரங்கம் மாநகரக் காவல் எல்லையில் வருகிறது, கொள்ளிடத்துக்கு அப்பால் சமயபுரம் மாவட்டக் காவலில். ‘எங்கள் எல்லை இல்லை’ என்று சொல்லித் திருப்பி அனுப்ப முடியாது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவு எந்த நிலையத்திலும் புகாரைப் பதிவு செய்ய வழி தருகிறது.

ஆவணம் மட்டும் போயிருந்தால், ஆதாரின் பயோமெட்ரிக்கைப் பூட்டலாம், sancharsaathi.gov.in தளத்தில் தன் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று பார்த்து, தெரியாததைத் துண்டிக்கச் சொல்லலாம். பான் எண்ணில் யாராவது கடன் வாங்கினார்களா என்று கிரெடிட் அறிக்கையில் பார்க்கலாம்.

உண்மையான நிறுவனத்தில் சேர்ந்த பிறகு வரும் பணத் தகராறுக்கு வழி குறுகலானது. செயலிக்குள் புகார் எண் வாங்குவது, வாராந்திரக் கணக்கைச் சேமித்து வைப்பது, தொழிலாளர் துறைக்கு மனு, 15100-ல் இலவச சட்ட உதவி என்ற வரிசைதான் உள்ளது. கர்நாடகத்தின் 2025 சட்டம், ஐ.டி.யை முடக்குமுன் 14 நாள் அறிவிப்பு கேட்கிறது; தமிழ்நாட்டில் அப்படி ஒரு தனிச்சட்டம் இல்லை. இங்கே இருப்பது 2023-ல் அமைக்கப்பட்ட கிக் தொழிலாளர் நல வாரியம். tnuwwb.tn.gov.in தளத்திலோ தொழிலாளர் உதவி ஆணையர் (சமூகப் பாதுகாப்புத் திட்டம்) அலுவலகத்திலோ கட்டணமின்றிப் பதியலாம். விபத்து, இறப்பு, பிள்ளைகளின் படிப்பு போன்றவற்றுக்கு வாரியம் உதவும். ஊதியப் பாக்கியையும் முடக்கப்பட்ட ஐ.டி.யையும் மீட்டுத் தரும் அதிகாரம் அதற்கு இல்லை. மத்திய அரசின் இ-ஷ்ரம் பதிவு தனியானது. ஒன்றில் பதிந்தது மற்றொன்றில் சேராது என்பதால் இரண்டிலும் பதிய வேண்டும்.