பேட்டரியை மாற்றும் முன் வோல்டேஜைப் பாருங்கள்

வேலூரில் கத்திரி வெயில் நாள் ஒன்றில், எதிர்வீட்டு நண்பரின் கார் செல்ஃப் எடுக்கவில்லை. பானெட்டைத் திறந்தால், பேட்டரியின் பக்கச் சுவர்கள் உப்பியிருந்தன. டெர்மினலைச் சுற்றி ஆசிட் கசிந்து வெள்ளையாகப் பூத்திருந்தது. நான்கு வருடப் பழைய பேட்டரிதானே என்று புதிதாக மாற்றினார். இரண்டே மாதத்தில் அதுவும் வீங்கியது.

இம்முறை ஆட்டோ எலக்ட்ரீஷியன் பேட்டரியைக் கழற்றவில்லை. இன்ஜினை ஓடவிட்டு, மல்டிமீட்டரை டெர்மினல்களில் வைத்தார். 15.6 வோல்ட். "பேட்டரி மேல தப்பில்ல சார், சார்ஜ் அதிகமா ஏறுது" என்றார்.

இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் கொடுப்பது ஆல்டர்னேட்டர். அதை அளவோடு நிறுத்துவது ரெகுலேட்டர். பெரும்பாலான கார்களில் அந்த அளவு 13.8 முதல் 14.5 வோல்ட் வரை. ரெகுலேட்டர் பழுதானால் மின்னழுத்தம் 15ஐத் தாண்டும். நிறைந்த பேட்டரிக்குள் மேலும் திணிக்கப்படும் மின்சாரம் ஆசிட்டில் உள்ள தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கிறது. தண்ணீர் குறையக் குறைய ஈயத் தகடுகள் வெளியே தெரிந்து கெட்டுப்போகும். வாயு வெளியேறும் துளை அடைத்திருந்தால், சூட்டில் இளகிய பிளாஸ்டிக் பெட்டி உப்பும். இடுக்குகள் வழியே ஆசிட் கசியும்.

ரெகுலேட்டர் சரியாக இருந்தாலும் வெயில் தன் வேலையைச் செய்யும். வெப்பம் 10 டிகிரி கூடினால் பேட்டரிக்குள் நடக்கும் அரிப்பு ஏறக்குறைய இரு மடங்காகும் என்பது பொதுவான கணக்கு. வெயிலில் நின்ற காரின் பானெட்டுக்குள் இன்ஜின் சூடும் சேர்ந்துகொள்கிறது. ஏற்கெனவே மூன்று, நான்கு வருடம் உழைத்து அரித்துப்போன தகடுகள் இதைத் தாங்குவதில்லை. குளிர்ப் பிரதேசத்தில் அதைவிட நீண்ட நாள் வரும் பேட்டரி நம் ஊரில் சீக்கிரம் சாவது இதனால்தான்.

நண்பரின் காரில் ரெகுலேட்டரை மாற்றியதும் மீட்டர் 14.2 காட்டியது. அதன் பிறகே புதுப் பேட்டரி பொருத்தினார்கள்.

மூடி திறக்கும் வகை பேட்டரி என்றால், கோடையில் மாதம் ஒருமுறை தண்ணீர் மட்டத்தைப் பாருங்கள். குறைந்திருந்தால் டிஸ்டில்ட் வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். ஆசிட்டோ குழாய்த் தண்ணீரோ வேண்டாம். எல்லா அறையிலும் ஒரே சமயத்தில் அடிக்கடி தண்ணீர் குறைந்தால், சார்ஜ் மிகையாக ஏறுகிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். அழுகிய முட்டை நாற்றம் வந்தாலும் அப்படியே.

வீங்கிய பேட்டரியைச் சார்ஜரில் போடாதீர்கள். இன்னொரு காரிலிருந்து ஒயர் கொடுத்துக் கிளப்பவும் முயலாதீர்கள். உள்ளே தேங்கிய ஹைட்ரஜன் ஒரு சிறு பொறியில் வெடித்து ஆசிட்டை முகத்தில் தெறிக்கவிடும். கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீரில் விடாமல் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் போங்கள். அந்தப் பேட்டரியைக் கடையில் கொடுத்துவிடுங்கள். புதியதைப் பொருத்தியதும், இன்ஜின் ஓடும்போது எத்தனை வோல்ட் வருகிறது என்று அங்கேயே அளந்து காட்டச் சொல்லுங்கள்.