உங்களுக்குத் தெரியுமா? வட்ட முகத்துக்கு ஒரு தாடி, ஒடுங்கிய முகத்துக்கு வேறு தாடி

வட்ட முகத்தை நீட்டிக் காட்டுவது மோவாய் முடிதான். கன்னத்தில் அடர்ந்தால் முகம் இன்னும் உப்பும். தாமல் கிராமத்துச் சலூனில் உட்கார்ந்தாலும் சென்னையில் உட்கார்ந்தாலும் கணக்கு ஒன்றே: கிருதாவுக்குக் கீழே டிரிம்மரில் 3 மி.மீ., தாடையோரம் 6, மோவாயில் 10. நடுவில் படிக்கட்டு தெரியாமல் சீப்பு வைத்து இழைக்க வேண்டும்.

ஒடுங்கிய முகத்துக்கு இது தலைகீழ். பக்கங்களில் அடர்த்தி, மோவாயில் குட்டை. ஆட்டுத்தாடி ஆகவே ஆகாது.

பலருக்கும் கெடுவது கழுத்துக்கோட்டில்தான். தாடை எலும்பை ஒட்டி மழித்தால், குனியும்போது கழுத்துச் சதை இரண்டாவது மோவாயாகப் பிதுங்கித் தெரியும். குரல்வளை மேட்டுக்கு இரண்டு விரற்கடை மேலே கோடு நிற்க வேண்டும். அதைத் தாண்டி ஏறிவிட்டால், மறுபடி வளரும்வரை அங்கே கத்தி படக் கூடாது.