பத்துப் பங்குகள், ஒரே சரிவு

2020 மார்ச் 23 அன்று இந்தியாவின் நிஃப்டி 13% சரிந்தது. வங்கி, வாகனம், உலோகம் என்ற வேறுபாடே இல்லை. புட் ஆப்ஷன் விற்பவருக்கு இத்தகைய நாளே பெரிய ஆபத்து.

100 ரூபாய்ப் பங்கை 90க்கு வாங்கிக்கொள்வதாக உறுதியளித்து, 2 ரூபாய் பிரீமியம் பெறுவதே புட் ஆப்ஷன் விற்பது. பத்து நிறுவனங்களில் விற்றால் வரவு 20. சாதாரண நாளில் ஒரு பங்கு 80க்கு விழுந்தால் அதில் நட்டம் 8 ரூபாய். மற்ற ஒன்பதின் 18 ரூபாய் அதைத் தாங்கும்.

பீதியில் எல்லோரும் பணம் திரட்டக் கையிலிருப்பதை விற்பதால் பத்தும் சேர்ந்தே இறங்கும். எல்லாம் 80க்கு வந்தால் நட்டமும் 80. பங்கு இன்னும் 90ஐத் தொடாவிட்டாலும் புட் தப்பாது: அச்சத்தால் அதன் விலை 2இலிருந்து 6 ஆகலாம். தரகர் உடனே கூடுதல் மார்ஜின் கேட்பார். கட்டாவிட்டால் அந்த விலையிலேயே திரும்ப வாங்கி ஒப்பந்தத்தை முடித்துவிடுவார். பிறகு சந்தை மீண்டாலும் அந்தப் பணம் திரும்பாது.